வேட்டில சாம்பார் கறை, யாராச்சும் சொல்லுங்க

நேத்து கல்யாணப் பந்தில வீட்டுக்காரரோட வெள்ளை காட்டன் வேட்டில சாம்பார் கொட்டிடுச்சுங்க, உள்ளங்கை அகலத்துக்கு. வந்ததும் பச்சத்தண்ணில அலசி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சேன், எண்ணெப் பிசுக்கு போச்சு, மஞ்சள் மட்டும் அப்படியே நிக்குது. துணி சோப்பு போட்டா செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பயந்தே போயிட்டேன்! மஞ்சள்ல காரம் பட்டா அப்படித்தான், சுண்ணாம்பு சேத்துதானே குங்குமமே பண்றோம்னு மாமியார் சிரிக்கிறாங்க. அலசினதும் திரும்ப மஞ்சள்.

இன்னிக்கு ஈரத்தோட மொட்டமாடி வெயில்ல ரெண்டு மணி நேரம் போட்டதுல பாதி வெளுத்திருக்கு. சூடு பட்டா கறை பிடிச்சுக்கும்னு அயர்ன் பண்ணல, கரை பச்சை கலர்ங்கறதால பிளீச்சும் தொடல. இன்னும் ரெண்டு நாள் வெயிலே போதுமா, இல்ல எலுமிச்சை தடவி காயப்போடலாமா? பச்சைக் கரை வெளுத்துடாதே? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.