உதவி: முதல் சைக்கோசிஸ் கோஹார்ட் ஆய்வில் சாம்பிள் குறித்து ரெவ்யூவர் கேட்ட மூன்று கேள்விகள்

வைகைக்கரை எழுதியது:

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநலத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதன்முறையாக சைக்கோசிஸ் வந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தோம். நோய் தொடங்கியதற்கும் முதல் சிகிச்சைக்கும் இடையிலான காலம் நீளும்போது குணமடைவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. 14 மாதத்தில் 148 பேரைச் சேர்த்தோம். ஓராண்டு முடிவில் 97 பேரைத்தான் பார்க்க முடிந்தது, அவர்களில் 58 பேர் குணமடைந்திருந்தார்கள்.

கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாம் ரெவ்யூவர் கேட்பவை இவை:

1. மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே சாம்பிள். இது சமூகத்தைப் பிரதிபலிக்காது.

2. "வந்த வரிசையில் எல்லோரையும் சேர்த்தோம்" என்கிறீர்கள். ஆனால் உங்கள் யூனிட்டின் ஓ.பி. வாரத்தில் இரண்டு நாள்தான். மற்றவர்கள் எங்கே?

3. 51 பேர் விடுபட்டிருக்கிறார்கள். முடிவை எப்படி நம்புவது?

முதல் கேள்விக்கு "இது எங்கள் ஆய்வின் வரம்பு" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். மற்ற இரண்டுக்கும் என்ன எழுதுவது?

மருதமரம்:

எங்கள் மாணவிக்கும் இதே தொல்லை வந்தது, சார். கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு குறித்த வாட்ஸ்அப் கேள்வித்தாள் ஆய்வு அது. கட்டுப்பாட்டுக் குழு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்களும் நோயில்லாத 148 பேரைச் சேர்த்துவிடுங்கள், வாய் அடைத்துவிடும்.

வைகைக்கரை:

நோயில்லாதவர்களிடம் சிகிச்சை தாமதமானதா என்று எப்படிக் கேட்பது, ஐயா? எங்கள் ஒப்பீடு நோயாளிகளுக்குள்தான்: தாமதமாக வந்தவர்கள், சீக்கிரம் வந்தவர்கள்.

டாக்டர் செங்காந்தள்:

மூன்றாவது கேள்வி எளிது. இருந்த 97 பேரையும் விடுபட்ட 51 பேரையும் வயது, பாலினம், நோயின் தீவிரம் ஆகியவற்றில் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். எதிலும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரவில்லையென்றால் வேறுபாடு இல்லை என்று எழுதிவிடலாம். நான் இரண்டு கட்டுரைகளில் அப்படித்தான் செய்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை:

செங்காந்தள் மேடம் சொல்லும் அட்டவணை கட்டாயம் வேண்டும். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் நிற்காது. 51 பேர் கொண்ட குழுவில் கணிசமான வேறுபாடுகூடப் பி மதிப்பில் தெரியாமல் போகும். பி மதிப்பை விட்டுவிட்டு வேறுபாட்டின் அளவை அப்படியே காட்டுங்கள். நான் புள்ளியியல்காரன், நோயாளியைப் பார்த்ததில்லை. ஆனால் மனநல மருத்துவர்களோடு பல வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

வைகைக்கரை, விடுபட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். சீக்கிரம் வந்து நன்றாக ஆனவர், "இனி எதற்கு ஆஸ்பத்திரி" என்று நின்றிருப்பார். தாமதமாக வந்து தேறாதவரைக் குடும்பம் வேறு இடத்துக்கு அழைத்துப் போயிருக்கும். இரண்டும் நடந்திருந்தால், எஞ்சியவர்களிடம் இரு குழுக்களுக்கும் உள்ள இடைவெளி உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். விடுபட்டது நேர்மாறாக நடந்திருந்தால் பெரிதாகத் தெரியும். ரெவ்யூவர் கேட்பது இதைத்தான்.

முதலில் எல்லைகளைக் காட்டுங்கள். 97 பேரில் 58 என்பது 60 சதவீதம். விடுபட்ட 51 பேரும் தேறவில்லை என்று வைத்தால் 148-இல் 58, அதாவது 39 சதவீதம். அத்தனை பேரும் தேறினார்கள் என்று வைத்தால் 109, அதாவது 74 சதவீதம். இடைவெளி அகலம்தான், ஆனாலும் மறைக்காதீர்கள். இதையே சீக்கிரம் வந்தவர், தாமதமாக வந்தவர் என்று தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள். அதன் பிறகு, தொடர்ந்து வரும் வாய்ப்பை முதல் நாள் தகவல்களிலிருந்து கணித்து, வர வாய்ப்பு குறைவாக இருந்தும் வந்தவருக்குக் கூடுதல் எடை கொடுத்து மறுபடி ஆராயுங்கள். ஊரிலிருந்து மருத்துவமனைக்குள்ள தூரத்தைக் குறித்திருக்கிறீர்களா? அது இந்தக் கணிப்புக்கு மிகவும் உதவும்.

வைகைக்கரை:

முகவரி இருக்கிறது, தூரத்தை எடுத்துவிடலாம். விடுபட்டவர்களில் 23 பேரிடம் எங்கள் சமூகப் பணியாளர் தொலைபேசியில் பேசினார். 9 பேர் நன்றாக இருப்பதாக வீட்டார் சொன்னார்கள். அவர்களையும் குணமடைந்தவர்களாகச் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

சேர்க்காதீர்கள். 58 பேரை எந்த அளவுகோலில் பார்த்தீர்கள்?

வைகைக்கரை:

2005-இல் வந்த ரெமிஷன் அளவுகோல். எட்டு அறிகுறிகளும் லேசான அளவிலோ அதற்குக் கீழோ ஆறு மாதம் இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் "வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான்" என்று அம்மா சொல்வது அதற்கு ஈடாகாது. அந்த 23 பேரின் தகவலைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். விடுபட்டவர்கள் எல்லோரும் மோசமாகிவிடவில்லை என்பதற்கு அது சான்று, அவ்வளவே. தொலைபேசியில் அழைக்க நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

நீலமலை (மனநல மருத்துவர்):

உண்மையான ஓட்டை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஓ.பி. எந்தக் கிழமை என்பது பெரிய விஷயமல்ல. புது நோயாளி கிழமை பார்த்து வருவதில்லை. இரவில் போலீஸ் வேனில் கேஷுவால்டிக்கு வந்து நேராக வார்டுக்குப் போகிறவர் உங்கள் ஓ.பி. நாற்காலியில் உட்காருவதே இல்லை. மிகக் கலவரமான நிலையில் இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களைச் சேர்த்தீர்களா?

வைகைக்கரை:

இல்லை. சம்மதம் வாங்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை.

நீலமலை (மனநல மருத்துவர்):

அதையே பதிலாக எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவின்படி, ஆய்வில் சேர்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும். அவரால் தர முடியாவிட்டால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். நீங்கள் அந்த வழியில் போகவில்லை என்பது காரணம். ஆனால் காரணம் சொல்லிவிட்டால் சார்பு மறைந்துவிடாது. கேஷுவால்டி ரிஜிஸ்டரை எடுத்து, அதே 14 மாதத்தில் அப்படி வந்தவர்கள் எத்தனை பேர், வயது, பாலினம் என்ன என்று எண்ணுங்கள். ஓ.பி. ரிஜிஸ்டரையும் எண்ணுங்கள். இத்தகைய ஆய்வுகளை எழுதும்போது சரிபார்க்கும் ஸ்ட்ரோப் பட்டியலின் 13-ஆம் உருப்படி கேட்கும் கணக்கு அதுதான்.

வைகைக்கரை:

ஓ.பி. ரிஜிஸ்டரை இன்று முடித்தேன். எங்கள் இரு நாட்களிலும் வந்த புது சைக்கோசிஸ் நோயாளிகள் 231 பேர். நான்கு வாரத்துக்கு மேல் வெளியே மருந்து எடுத்திருந்த 38 பேரை நீக்கினோம். நோய் எப்போது தொடங்கியது என்று சொல்லக் குடும்பத்தார் யாரும் வராததால் 29 பேரைச் சேர்க்கவில்லை. 16 பேர் மறுத்தார்கள். மீதி 148.

நீலமலை (மனநல மருத்துவர்):

அந்த 29 பேர் முக்கியம். தனியாக வாழ்பவர், வீட்டைவிட்டு வெளியேறியவர் எல்லாம் அதில்தான் இருப்பார்கள். இப்போது முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. "வரம்பு" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். சமூகத்துக்கே பொதுவான முடிவு என்று நீங்கள் கோரவில்லை. குடும்பத்தோடு ஓ.பி.க்கு வரும், முன்பு நான்கு வாரத்துக்கு மேல் மருந்து எடுக்காதவர்களைப் பற்றிய முடிவு என்று தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதுங்கள். "வந்த வரிசையில் எல்லோரையும்" என்ற கூற்றை எடுத்துவிடுங்கள்.

பதிலை இப்படி அமைக்கலாம்:

"கேள்வி 2: (ரெவ்யூவரின் சொற்கள் அப்படியே.) பதில்: சேர்க்கை எங்கள் யூனிட்டின் இரு ஓ.பி. நாட்களில் மட்டுமே நடந்தது. அந்நாட்களில் தகுதியை ஆராய்ந்த 231 பேரில் 148 பேர் சேர்ந்தனர். மற்றவர்கள் ஏன் சேரவில்லை என்பது புதிய படம் 1-இல் உள்ளது. அவசரப் பிரிவு வழியாக நேரடியாக அனுமதிக்கப்பட்டவர்கள் ஆய்வில் இல்லை. அவர்களின் எண்ணிக்கையும் வயதும் பாலினமும் துணை அட்டவணையில் உள்ளன. மாற்றிய வரிகள்: பக்கம், வரி எண்."

டாக்டர் செங்காந்தள்:

இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் ரெவ்யூவர் நிராகரித்துவிட மாட்டாரா?

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவருக்குத் தெரியும், அதனால்தானே கேட்டார். நிராகரிப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லைக் கணக்கில் தாமதத்தின் விளைவு தலைகீழானால் முடிவுரையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வைகைக்கரை:

கேஷுவால்டி ரிஜிஸ்டரில் ஒரு சிக்கல். பாதிப் பக்கங்களில் நோயின் பெயரே இல்லை, "கலவர நிலை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. குடிநிறுத்தத்தால் வந்ததா, சைக்கோசிஸா என்று பிரிக்க முடியவில்லை.

நீலமலை (மனநல மருத்துவர்):

டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காதவர்களை "நோய் தெரியவில்லை" என்று தனி வரியில் போடுங்கள். அந்த வரி நீளமாக இருந்தால் ஒப்பீடு எவ்வளவு தாங்கும் என்பது எனக்கும் சந்தேகம்தான். எடிட்டரிடம் இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.