கலைச்சொல்: மொழிபெயர்ப்பாளருக்காகப் பேச்சில் விடும் நிறுத்தத்துக்கு என்ன பெயர்?

பாம்பன் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் தெருவில் இருக்கும், கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் அடுத்த வாரம் மண்டபத்தில் வெளிநாட்டு விருந்தினர் முன்னால் பேசுகிறார். அவர் தமிழில் கொஞ்சம் பேசி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் கல்லூரித் தம்பி அதை ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு அக்கா தொடர்வார். பேச்சை எழுதித் தருவது என் வேலை.

மூச்சு விடும் இடத்தில் ஒற்றைக் கோடு போடுகிறேன், தம்பியிடம் விடும் இடத்தில் இரட்டைக் கோடு. இந்த இரட்டைக் கோட்டுக்குத்தான் பெயர் தேவை. "நிறுத்துங்கக்கா" என்றால் ஒற்றைக் கோட்டிலும் நின்றுவிடுகிறார். "இடைநிறுத்தம்" என்று எழுதிக் காட்டினேன். "யாரையோ வேலையை விட்டு நிறுத்துன மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். "கைமாற்று" சரியாக வருமா?

கீழக்கரை:

கைமாற்று என்றால் எங்கள் கடைத்தெருவில் சீட்டு எழுதாமல் வாங்கும் கடன், டீச்சர். கொடுத்தது திரும்பி வருமா என்பது வாங்கியவர் மனசைப் பொறுத்தது. சில மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பொருந்தும் என்றாலும் வேண்டாம்.

பரமக்குடி:

நாற்பது வருடமாக மேடை ஏறுகிறேன். நிறுத்தம் என்பது கைதட்டலுக்கு விடும் இடம். சொல்ல வருவதைப் பாதியில் தொங்கவிட்டு ஒரு கணம் நிற்க வேண்டும், கூட்டம் தவிக்கும், அப்புறம் முடிக்க வேண்டும். இதற்கு "தொங்கல்" என்றே பெயர் வைக்கலாம்.

தங்கச்சிமடம்:

அண்ணே, நீங்கள் சொல்வது வேறு சமாச்சாரம். பாதியில் தொங்கவிட்டால் பக்கத்தில் நிற்பவன் என்னத்தைச் சொல்வான்? நான் ஜெபக் கூட்டங்களில் பிரசங்கம் பெயர்த்தவன். ஒரு வாக்கியம், உடனே பெயர்ப்பு, அடுத்த வாக்கியம். அவ்வளவுதான் முறை. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்தினால் கோடே தேவையில்லை, பெயரும் தேவையில்லை.

தொண்டி (இப்போது மதுரை):

மாநாடுகளில் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கச்சிமடத்து அண்ணன் சொல்வதில் பாதி சரி. முற்றுவினை வராமல் நிறுத்தக் கூடாது, அது உறுதி. தமிழில் யார் என்ன செய்தார்கள் என்பதும், செய்தார்களா இல்லையா என்பதும் கடைசிச் சொல்லில்தான் தெரியும். "போனதால்", "என்று" ஆகியவற்றோடு நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவது பிரசங்கத்துக்குச் சரி, தன் பக்க நியாயத்தைச் சொல்வதற்குச் சரிப்படாது. பேச்சு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு துண்டைச் சொல்லி முடித்தபின் "ஆனா அப்படி இல்லை" என்று வந்தால், முன்னால் எடுத்த தொனி தப்பாகிவிடும். குறிப்பெடுக்கப் பழகியவர் சில நிமிடப் பேச்சையே தாங்குவார். கல்லூரித் தம்பிக்கு ஒரு கருத்து முடியும்வரை, இரண்டு மூன்று சிறு வாக்கியங்கள், போதும்.

டீச்சர், ஒரு பத்தியை அப்படியே அனுப்புங்கள்.

பாம்பன் ஆசிரியை:

நான் முதலில் எழுதியது, வெட்கப்படாமல் தருகிறேன்:

> எங்க அம்மா காலத்துல இருந்து தீவோரம் முழுகிப் பாசி எடுத்துப் பிழைச்ச எங்களை, 1986-ல கடல் பூங்கான்னு அறிவிச்ச பிறகு உள்ள விடாததால // வருமானம் பாதியாப் போச்சுன்னு சொன்னா, பவளப்பாறை கெடுதுங்கிறவங்ககிட்ட // மாசம் 12 நாள்தான் போறோம், மரிக்கொழுந்தை வேரோட பிடுங்கறதில்லைன்னு சொன்னாலும் கேக்கிறதில்லை.

ஒத்திகையில் முதல் நிறுத்தத்தில் தம்பி "அரசாங்கம் இவர்களைத் தடுத்தது" என்று முடித்துவிட்டார். அக்கா அரசாங்கத்தைச் சொல்லவில்லை, காவலுக்கு வந்தவர்களைத்தான். மரிக்கொழுந்து என்ற பாசியைத் தம்பி வாசனைச் செடியாக்கினார். தீவோரம் பூ பறிக்கப் போகிறவர்கள் என்று விருந்தினர் நினைத்திருப்பார்கள். 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகை 19 நிமிடம் ஓடியது.

தொண்டி:

நேரம் முதலில். பெயர்ப்பும் ஏறக்குறைய அதே நேரம் எடுக்கும். ஆகவே அக்காவுக்கு 5 நிமிடம்தான். பாதியை வெட்ட வேண்டும்.

அடுத்து "விடாததால". யார் விடவில்லை என்று தமிழில் சொல்லாமல் தப்பிக்கலாம். ஆங்கிலம் பெரும்பாலும் ஆளைக் கேட்கும், சொல்லாவிட்டால் தம்பியே ஒருவரை வைப்பார். பழி யார்மேல் என்பதை அக்காதான் முடிவு செய்ய வேண்டும். "நாங்க", "அவங்க" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுங்கள், படிக்க அலுப்பாக இருந்தாலும். இப்படி இருக்கலாம்:

> எங்க அம்மா தீவோரம் முழுகிப் பாசி எடுத்தாங்க. / நானும் எடுக்கிறேன். //
> 1986-ல அந்தத் தீவுகள் கடல் பூங்கா ஆச்சு. / அப்புறம் காவலுக்கு வந்தவங்க எங்களை உள்ள விடலை. / எங்க வருமானம் பாதியாக் குறைஞ்சுது. //
> பாசி எடுத்தா பவளப்பாறை கெடும்னு சிலபேர் சொல்றாங்க. / நாங்க அதை ஒத்துக்கலை. / ஏன்னு சொல்றேன். //
> மாசத்துல 12 நாள்தான் நாங்க கடல்ல இறங்குறோம். / நாங்க பாசியை வேரோட பிடுங்க மாட்டோம். / நுனியைத்தான் கிள்ளுவோம். //

மூன்றாவது துண்டைப் பாருங்கள். "பவளப்பாறை கெடும்னு சொல்றாங்க" என்பதோடு நிறுத்தியிருந்தால், அக்காவே அதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆங்கிலத்தில் அது கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அதனால் மறுப்பு அதே துண்டுக்குள் வர வேண்டும். எண்ணைத் துண்டுக்கு ஒன்றுக்குமேல் வைக்க வேண்டாம்.

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை மூன்று பாசிகளையும் முந்தின நாளே தம்பிக்குப் படத்தோடு காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தது கோரைப்புல்தான்.

மண்டபம், ஓய்வு பெற்றவர்:

ஒரு திருத்தம். பாசிக்கு வேர் கிடையாது. பாறையில் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதிதான் உண்டு. விருந்தினரில் கடல் படித்தவர் இருந்தால் சிரிப்பார். "அடியோட பிடுங்க மாட்டோம்" என்று எழுதுங்கள்.

நெடுந்தீவில் பிறந்தவர்:

எங்கட பக்கம் பேருந்து நிற்குமிடம் "தரிப்பிடம்". ஆளை ஏற்றி இறக்கிப்போட்டுத் திரும்ப வெளிக்கிட நிற்கிறது. இரட்டைக் கோட்டுக்குத் "தரிப்பு" என்று சொல்லலாமே?

கீழக்கரை:

நல்ல சொல், காக்கா. ஆனால் இங்கே தரிப்பது என்றால் கர்ப்பம்தான் முதலில் ஞாபகம் வரும்.

தொண்டி:

எனக்குத் தரிப்பு பிடித்திருக்கிறது, கூடவே ஒரு சந்தேகமும். இந்த நிறுத்தத்தை ஆரம்பிப்பது பேச்சாளர், முடிப்பது மொழிபெயர்ப்பாளர். அக்காவுக்கு ஆங்கிலம் புரியாது. தம்பி மூச்சுக்கு நின்றாலே, முடிந்தது என்று அக்கா பேசத் தொடங்கிவிடுவார். தம்பி முடித்ததும் குறிப்பேட்டை இறக்கி அக்கா பக்கம் திரும்பிப் பார்க்கட்டும், அதுவரை அக்கா வாய் திறக்கக் கூடாது. இந்த இருவர் சங்கதி "தரிப்பு" என்பதில் இல்லை. "விடுதரிப்பு" என்றால்? இரண்டு தரிப்புக்கு நடுவில் வரும் துண்டுக்குக் "கவளம்" என்று வைக்கலாம். வாய் கொள்ளும் அளவு.

தங்கச்சிமடம்:

கவளம் சரி. விடுதரிப்பு வாயில் நுழையவில்லை. கோட்டுக்கு இரட்டைக்கோடு என்றே பெயர் வைத்தால் என்ன குறைந்துபோகும்?

பாம்பன் ஆசிரியை:

நேற்று மறு ஒத்திகை 11 நிமிடம். இன்னும் ஒரு கவளத்தை வெட்ட வேண்டும். எதை என்று அக்காவுக்கும் எனக்கும் சண்டை.

இங்கே வந்த பெயர்களையெல்லாம் அவரிடம் சொன்னேன். "இதுக்கா இத்தனை பேரு யோசிக்கிறீங்க? நாங்க நாலஞ்சு தடவை முழுகி எந்திரிப்போம், பை நெறைஞ்சாத்தான் கொண்டுபோய்க் கொட்டுவோம். ஒத்தக் கோடு மூச்செடுக்கிறது, ரெட்டைக் கோடு கொட்டுறது" என்றார். அதன்பிறகு ஒரு இடத்திலும் தப்பவில்லை. தாளில் இப்போது "கொட்டு" என்றுதான் எழுதியிருக்கிறேன். குழுவின் பட்டியலில் எதைப் போடுவது என்று நீங்கள் பேசி முடியுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அக்கா ஒரு நகைச்சுவை சொல்கிறார். தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரிக்கிறார்கள், தம்பி சொல்லத் தொடங்குவது அந்தச் சத்தத்தில் கேட்பதில்லை. அந்த இடத்தில் என்ன கோடு போடுவது?