செயின் லாக் தானாகவே கழன்று விழுகிறது, எது போட்டால் நிற்கும்?

வித்யா: கொஞ்சம் அவசரம். தினமும் போடுகிற தங்கச் செயின் மறுபடியும் கழன்று விழுந்துவிட்டது. துப்பட்டாவில் சிக்கியதால் தப்பித்தது. நாளைக்குக் கடையில் கொடுத்து லாக்கை மாற்றப் போகிறேன். பாக்ஸ் லாக்கா, லாப்ஸ்டரா, எது கழலாது?

நெல்லை ராஜா: இப்போது இருப்பது என்ன லாக்? எத்தனை பவுன்? டாலர் கோத்திருக்கிறீர்களா?

சாந்தி: கண்ணை மூடிக்கொண்டு பாக்ஸ் லாக் போடுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் அப்புறம் அசையாது.

கோபிநாத்: விவரமே சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். எப்படியும் அந்த வட்டமான ஸ்பிரிங் ரிங்தான் இருக்கும். அதைக் கழற்றி வீசிவிட்டு லாப்ஸ்டர் போடுங்கள், விஷயம் முடிந்தது.

வித்யா: ஐயோ சாரி. ஒன்றரை பவுன் செயின், சின்ன டாலர் இருக்கிறது. இப்போது இருப்பதே லாப்ஸ்டர்தான்.

மீரா: என் தோட்டுத் திருகாணியும் இப்படித்தான் லூசாகிறது. அதற்கும் லாப்ஸ்டர் வருமா?

நெல்லை ராஜா: தோட்டுக்கு அது வராதும்மா, தனியாகக் கேளுங்கள்.

பட்டறை முருகேசன்: வித்யா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். செயின் விழுந்து கிடந்தபோது லாப்ஸ்டரின் வாய் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?

வித்யா: மூடித்தான் இருந்தது. அதுதான் புரியவில்லை.

பட்டறை முருகேசன்: அப்படியென்றால் லாக் மேல் தப்பில்லை. அது மாட்டுகிற வளையம் விரிந்திருக்கிறது. பல செயின்களில் அந்த வளையத்தைப் பற்ற வைக்காமல், இரண்டு முனையையும் நெருக்கி மட்டும் விட்டிருப்பார்கள். 22 காரட் தங்கம் மென்மையானது. டாலர் கனமும் தினசரி இழுப்பும் சேர்ந்தால் மெல்லிய கம்பி மெதுவாக வாய் திறக்கும், செயின் அந்த இடுக்கு வழியாக நழுவும்.

பருத்தி நூல் ஒன்றை வளையத்துக்குள் கோத்து, உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். பற்ற வைத்த வளையத்தில் நூல் வழுக்கிக்கொண்டு போகும். பிளவு இருந்தால் அந்த இடத்தில் சிக்கும். லாக் பக்கம், எதிர்ப்பக்கம், டாலர் தொங்குகிற வளையம் என எல்லாவற்றையும் பாருங்கள்.

கோபிநாத்: வளையம் சரியாகவே இருந்தாலும் லாப்ஸ்டர் நாக்கு தேயும். 22 காரட்டில் லாக் செய்வதே தப்பு, 18 காரட் போட வேண்டும்.

நெல்லை ராஜா: 18 கெட்டி என்பது சரி. ஆனால் 916 செயினில் 18 காரட் லாக் போட்டால் விற்கப்போகும்போது கழிப்பார்கள், தகராறு வரும்.

கோபிநாத்: விற்பதற்கா நகை போடுகிறோம்?

சாந்தி: வேறு எதற்குப் போடுகிறோம் 😄 பாக்ஸ் லாக்கை ஏன் யாரும் மதிக்கவே இல்லை?

பட்டறை முருகேசன்: காரட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சாந்தி, பாக்ஸ் லாக் அகல நெக்லஸுக்கு அழகு. ஆனால் உள்ளே போகிற நாக்கு மடித்த தகடுதான். தினமும் அழுத்திக் கழற்றினால் தட்டையாகிவிடும், 'டிக்' சத்தமும் மங்கும். மெல்லிய கத்தி முனையால் மடிப்பை லேசாகத் தூக்கிவிட்டால் மறுபடி பிடிக்கும். அதையே அடிக்கடி செய்தால் மடிப்பில் விரிசல் விட்டு முறியும். அதனால் பாக்ஸ் போட்டால் பக்கத்தில் ஒரு சேஃப்டி சங்கிலியும் வையுங்கள். தினசரி மெல்லிய செயினுக்கு லாப்ஸ்டரே போதும்.

நெல்லை ராஜா: அப்போ ஸ்பிரிங் ரிங்?

பட்டறை முருகேசன்: டாலர் இல்லாத இலேசான செயினுக்கு மோசமில்லை. உள்ளே இருப்பது தலைமுடி போன்ற எஃகுச் சுருள். வியர்வையும் சோப்பும் படிந்தால் கம்பி முழுசாகத் திரும்பி வராது, வாய் கொஞ்சம் திறந்தே நிற்கும். இழுத்து விட்டதும் சட்டென்று மூடவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

வித்யா, கடையில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வளையத்தைக் கொஞ்சம் தடித்த கம்பியில் செய்து, லாக்கில் சூடு ஏறாமல் பற்ற வைக்க வேண்டும். லாப்ஸ்டர் உள்ளேயும் எஃகு ஸ்பிரிங்தான், சூடேறினால் விறைப்புப் போய்விடும். லேசர் இருந்தால் கவலை இல்லை. ஊதுகுழல் என்றால் லாக்கை ஈரப் பஞ்சில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கும்போது அங்கேயே நாலைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

தேவி: எல்லாவற்றையும் இப்படி இறுக்கிவிட்டால், குழந்தை இழுக்கும்போது கழுத்தை அறுக்காதா? ஒரு இடமாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா?

கோபிநாத்: குழந்தை இருக்கிற வீட்டில் செயினைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

தேவி: தாலிச் செயினையுமா? சொல்வது சுலபம்.

வித்யா: எதிர்ப்பக்கத்து வளையத்தில் நூல் சிக்குகிறது! லாக்கை மாற்றவில்லை, பற்ற வைக்கக் கொடுத்திருக்கிறேன். நன்றி அண்ணா.

பட்டறை முருகேசன்: டாலர் வளையத்தைப் பார்த்தீர்களா?

நெல்லை ராஜா: ஆள் போய்விட்டார் போல.