தீபாவளிப் புகையும் வீசிங்கும்: போன வருடம் எங்களுக்கு நடந்தது

கொடிமுல்லை:
தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போன வருடம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பையனுக்கு ஆறு வயது. மூன்று வயதிலிருந்து வீசிங். ஆடி மாதமெல்லாம் நன்றாக இருந்தான், இரவில் இருமல்கூட இல்லை. சரி, குணமாகிவிட்டது என்று தினமும் காலை மாலை போடும் பிரவுன் இன்ஹேலரை நானே நிறுத்திவிட்டேன். தீபாவளிக்குத் திண்டுக்கல் பக்கம் மாமியார் ஊருக்குப் போனோம். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து இருமினான். பஸ்ஸில் வந்த சளி என்று நினைத்து வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கே எண்ணெய்க் குளியல் முடிந்து தெருவில் சரவெடி ஆரம்பித்தாயிற்று. ஆறிலிருந்து ஏழு வரைதான் அனுமதி என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. காற்றே இல்லை, புகை தெருவை விட்டு நகரவில்லை. சின்னப் பிள்ளை, வெடி வேண்டாம் என்று மச்சினர் முற்றத்தில் பாம்பு மாத்திரை கொளுத்திக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பையன், "அம்மா... தண்ணி..." என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போகிறது.

இழுப்பு வந்தால் அடிக்கும் நீல இன்ஹேலர் கைப்பையில் இருந்தது, அதில் மாட்டி மூச்சிழுக்கும் ஸ்பேசர் குழாய் சென்னையில். வாயில் வைத்து அடித்தேன், ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. ஆறு தடவை அடித்தும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை ஒருவர் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிக் கொண்டு வந்தார். பக்கத்து கிளினிக் பூட்டியிருந்தது. கடைசியில் 108-ஐக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மூன்று தடவை வைத்து, மருந்தும் கொடுத்து, மதியம்தான் பிள்ளை சிரித்தான்.

மறுநாள் மருந்துக் கடையில் அந்த இன்ஹேலரைக் காட்டினேன். கடைக்காரர் குலுக்கிப் பார்த்துவிட்டு, "எப்பம்மா வாங்கினது? இதுல மருந்து தீர்ந்துபோச்சு, வெறும் வாயுதான் வருது" என்றார்.

இந்த வருடம் என்னென்ன தயார் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை ராஜா:
காலியா என்று பார்ப்பது சுலபம். உள்ளே இருக்கும் டப்பாவை மட்டும் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் நிறைய இருக்கிறது, மிதந்தால் காலி. என் அண்ணன் இருபது வருடமாக இப்படித்தான் பார்க்கிறார். அப்புறம், இந்த ஸ்பேசர் எல்லாம் சும்மா. ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கி வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது.

வார்டு அக்கா:
குழந்தைகள் வார்டில் பதினொரு வருடம் நர்ஸாக இருக்கிறேன். தீபாவளி இரவும் அதற்கு அடுத்த நாளும் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது.

ராஜா அண்ணா, தண்ணீர் வித்தையை விட்டுவிடச் சொல்லுங்கள். மருந்து தீர்ந்த டப்பாவிலும் வாயு இருக்கும், அதனால் அது மிதப்பதும் மூழ்குவதும் மருந்துக் கணக்கைச் சொல்லாது. வால்வுக்குள் தண்ணீர் போனால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். எண்ணுவதுதான் ஒரே வழி. பெரும்பாலான நீல இன்ஹேலரில் 200 பஃப் இருக்கும். சிலவற்றின் முதுகில் எண் காட்டும் சின்னக் கண்ணாடி உண்டு. இல்லாவிட்டால் திறந்த தேதியை டப்பாவில் மார்க்கரால் எழுதி, பயன்படுத்தும்போதெல்லாம் காலண்டரில் கோடு போடுங்கள். பண்டிகைக்குப் புதியது ஒன்று வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை. புதியதையும் நாள்பட எடுக்காமல் வைத்ததையும் முதலில் குலுக்கிக் காற்றில் சில தடவை அடித்துவிட வேண்டும்.

நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், பத்து நிமிடம் பிடிக்கும். சரியாகப் பிடித்த ஸ்பேசரும் அதே வேலையைச் செய்கிறது. ஸ்பேசர் இல்லாமல் ஆறு வயதுப் பிள்ளை வாயில் அடித்தால் முக்கால்வாசி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கொடிமுல்லை, உங்கள் டப்பா நிறைந்திருந்தாலும் அன்றைக்குப் பாதிதான் பலன் கிடைத்திருக்கும்.

முறை இதுதான். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு சாதாரணமாக விடச் சொல்லுங்கள். மறுபடி குலுக்கி அடுத்தது. நாலு பஃப்பையும் சேர்த்து அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மருந்து ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில்தான் ஒட்டும். இந்த வயதுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் பெரும்பாலும் நாலு பஃப், 20 நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு நாலு என்றிருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும், வழியிலும் கொடுத்துக்கொண்டே போகலாம். அடங்கிய இழுப்பு மூன்று நாலு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தாலும் அப்படித்தான். பேச்சு நிற்பது, உதடு நீலமாவது, விலாவில் குழி விழுவது என்றால் 20 நிமிடம் காத்திருக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுவிட்டுப் பஃப் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை பஃப் என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நான் சொன்னதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் அந்தக் காலையைக் கெடுத்தது நிறுத்திய பிரவுன் மருந்துதான். அது சுவாசக் குழாயின் வீக்கத்தை மெதுவாகக் குறைப்பது, முழுப் பலன் தெரிய சில வாரம் ஆகும். தீபாவளிக்கு முதல் நாள் ஆரம்பித்துப் பயனில்லை. ஆறு வாரம் இருக்கிறது என்றீர்களே, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இரவு இரண்டு மணி இருமல் சளியில்லை, முன்னறிவிப்பு.

மீனாட்சி சுந்தரம்:
என் வீட்டுக்காரருக்கும் இதே பிரச்சினைதான். வயது 61. ஆனால் அவருக்குப் பட்டாசில் இல்லை, பரணைத் தட்டி வெள்ளையடிக்கும்போதே ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலும் அப்படித்தான். தீபாவளி லேகியம் இரண்டு உருண்டை கொடுத்தால் நெஞ்சுச் சளி இறங்குகிறது. குழந்தைக்கும் கொடுக்கலாமா?

வார்டு அக்கா:
அம்மா, லேகியம் வயிற்றுக்கு. மூச்சுக்குழாய் இறுகியிருக்கும்போது அதை நம்பி நேரம் போக்க வேண்டாம். அவர் சிகரெட் பிடித்தவரா? அப்படியென்றால் இது வேறு நோயாகவும் இருக்கலாம், ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள்.

சிவகாசி மாப்பிள்ளை:
பட்டாசுத் தொழில் குடும்பம், திட்டாதீர்கள். பாம்பு மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் இல்லை என்று குழந்தை கையில் கொடுக்கிறோம், புகையில் அதுதான் ராஜா. புனேயில் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆறு வகைப் பட்டாசுகளை அளந்து பார்த்ததில் நுண்துகள் அதிகம் வந்தது பாம்பு மாத்திரையில்தான், ஆயிரம் வாலா சரம் அதற்கு அடுத்து. அந்த ஆறில் குறைவாக வந்தது புஸ்வாணம். குனிந்து முகத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்பதும் பாம்பு மாத்திரையைத்தானே.

பசுமைப் பட்டாசு வாங்கினால் கவலையில்லை. என்95 மாஸ்க்கும் போட்டுவிட்டால் பிள்ளை வெளியே வரலாம்.

வார்டு அக்கா:
பசுமைப் பட்டாசில் புகை 30 சதவீதம் அளவுக்குக் குறையும் என்றுதானே சொல்கிறார்கள், மீதி 70? மாஸ்க் துகளைத் தடுக்கும், கந்தக வாயுவைத் தடுக்காது. ஆறு வயது முகத்தில் இடுக்கு விடாமல் உட்காருவதும் அபூர்வம். சரவெடி நேரத்தில் ஜன்னலைச் சாத்தி உள்ளே வைத்திருப்பதே மேல்.

கொடிமுல்லை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று டாக்டரைப் பார்த்தோம். பிரவுன் மறுபடி ஆரம்பித்தாயிற்று. தாள் எழுதி வாங்கி, ஒரு நகலை மாமியாருக்கு அனுப்பினேன். அவர் அதை அரிசி டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கிறார். ஸ்பேசர் இன்னொன்று வாங்கி ஊரிலேயே வைக்கப் போகிறேன். தீபாவளி அன்று திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று மச்சினர் விசாரிக்கிறார்.

ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் இன்னும் சண்டை. சென்னை அடுக்ககத்தில் மட்டும் புகை குறைவா என்ன என்கிறார் கணவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்கா, ஒரு சந்தேகம்: ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைத்துவிட்டேன், பரவாயில்லையா?

வார்டு அக்கா:
துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் மறுபடி அலசித் தானாகக் காய விடுங்கள்.