மீட்டெடுத்த படத்தில் தெரியும் மச்சத்தை நம்பி ஆளை அடையாளம் காட்டலாமா?

படமீட்பன்: "தொழிலாளர் குழுப் படம் ஒன்றை மீட்டெடுத்து வண்ணமும் சேர்த்தேன். மூன்றாம் வரிசையில் நிற்பவர் யார் என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. இடது கன்னத்தில் மச்சம் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய தனிப்படத்திலும் அதே இடது கன்னத்தில் இருக்கிறது. இனி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை."

இருட்டறை: நீங்கள் மூலப் படத்தையும் இணைத்திருப்பதால் அதையே பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த முகம் காதிலிருந்து காதுவரை ஏறத்தாழ முப்பது பிக்சல் அகலந்தான். மச்சம் என்று நீங்கள் சொல்வது இரண்டு பிக்சல் அளவுள்ள ஒரு கரும்புள்ளி. அதே அளவிலும் அதே கருமையிலும் பின்சுவரில் ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் வெள்ளைச் சட்டையில் மேலும் இரண்டு இருக்கின்றன. சுவருக்கும் சட்டைக்கும் மச்சம் இருக்க முடியாது. தூசியோ, படப்பூச்சில் ஏற்பட்ட சிதைவோ கன்னத்தின்மேல் விழுந்திருக்கிறது. மென்பொருள் அதைத் தோலின் பகுதியாக எடுத்துக்கொண்டு, விளிம்பை மென்மையாக்கி, பழுப்பு நிறமும் பூசிக் கொடுத்திருக்கிறது.

படமீட்பன்: சுவரில் தூசி இருப்பதால் கன்னத்தில் மச்சம் இல்லை என்று ஆகிவிடுமா? நான் ஐந்து ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். மச்சம் எது, தூசி எது என்று எனக்குத் தெரியும். போன மாதமும் இப்படித்தான் நான் சொன்ன ஆண்டைத் தவறு என்று எழுதினீர்கள். அதற்கு இன்றுவரை நீங்கள் ஆதாரம் காட்டவில்லை.

நேர்கோடு: இருவரும் தேவையில்லாமல் சண்டையிடுகிறீர்கள். வண்ணம் சேர்ப்பதால் முகம் மாறாது. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளி அளவை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் நிறத்தை மட்டுமே ஏற்றுகிறார்கள். நிறத்தை நீக்கினால் பழைய படமே திரும்பக் கிடைக்கும். ஆகவே மச்சம் மூலத்தில் இருந்ததாகத்தான் பொருள்.

இருட்டறை: வண்ணத்தைப் பற்றி நேர்கோடு சொல்வது அந்த ஒரு படிக்கு மட்டுமே பொருந்தும். இவர் பயன்படுத்திய செயலி வண்ணத்தோடு நிற்கவில்லை, முகத்தையும் கூர்மையாக்கியிருக்கிறது. ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற முகமீட்புக் கருவிகள் மங்கலான முகத்தைத் துடைத்துத் தெளிவாக்குவதில்லை. இப்படி மங்கியிருக்கக்கூடிய ஒரு முகத்தைத் தாமே வரைந்து அந்த இடத்தில் ஒட்டுகின்றன. அவை பயின்றது ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டப்பட்ட 70,000 இக்கால முகங்களின் தொகுப்பில். 2020இல் பல்ஸ் என்ற கருவியிடம் பராக் ஒபாமாவின் கட்டங்கட்டமாகச் சிதைந்த படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தை வரைந்து தந்தது நினைவிருக்கும். அந்த முகத்தை மறுபடி சுருக்கினால் கொடுத்த கட்டங்களோடு ஒத்துப்போகும். ஆனால் ஆள் வேறு. முப்பது பிக்சல் முகத்துக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் எத்தனையோ உண்டு, அவற்றில் ஒன்றைத்தான் படமீட்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒளி அளவு அப்படியே நிற்கிறது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. நீலக் கண் ஏறக்குறைய வெளுத்துப் பதியும். செம்புள்ளிகளும் உதடும் இருப்பதைவிடக் கறுத்துப் பதியும். அந்தக் கருமையை உண்மையான தோல் நிறம் என்று கொண்டு வண்ணம் ஏற்றினால், நிறம் தொடக்கத்திலேயே தவறிவிடும்.

பேத்தி: என் பாட்டியின் படத்தையும் ஒரு செயலியில் கொடுத்தேன். இருபது வயது குறைந்தவராக, எனக்குத் தெரியாத ஒருவராக வந்தார். வலது புருவத்தின் நடுவே அவருக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. புருவம் ஒரே கோடாக நிரம்பிவிட்டது. அத்தை அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். குழந்தைகள் இனி அந்த முகத்தைத்தான் பாட்டி என்று நினைப்பார்கள். தழும்பு போகாமல் மீட்டெடுக்க எந்தச் செயலி நல்லது என்று யாராவது சொல்லுங்கள்.

இருட்டறை: அம்மா, கீறலையும் கறையையும் மட்டும் கையால் நீக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள். உங்கள் அனுபவம் இந்த விவாதத்துக்கும் உதவுகிறது. இருந்த தழும்பை அழித்த அதே வகைச் செயலி, இல்லாத மச்சத்தை வரையவும் கூடும்.

படமீட்பன்: அழிக்கும் இயல்புள்ள செயலியே அழிக்காமல் விட்டிருக்கிறது என்றால் மச்சம் எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும்! நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். மச்சம் இருக்கிறது. தனிப்படத்திலும் இடது கன்னத்தில் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இருட்டறை: சொல்கிறேன். கோட்ஃபார்மரில் w என்றோர் எண் உண்டு. 0 பக்கம் தள்ளினால் கருவி தன் விருப்பப்படி அழகாக வரையும், 1 பக்கம் தள்ளினால் கொடுத்த படத்தை ஒட்டி நிற்கும். உங்கள் மூலத்தை மூன்று முறை ஓட்டினேன். 0இல் மச்சமே இல்லை, 0.7இல் அழகான வட்டமாக இருக்கிறது. 1இல் கன்னத்திலிருந்து காதை நோக்கி இழுபட்ட கறையாகத் தெரிகிறது. ஒரே மனிதருக்கு ஒரு எண்ணைத் திருகும்போது மச்சம் வந்து போகுமானால், அது மனிதருடையது அல்ல.

இனி உங்கள் தனிப்படத்துக்கு வருகிறேன். அது இரும்புத் தகட்டுப் படம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையில் நெகட்டிவ் இல்லை. காமிராவுக்குள் இருந்த தகடே படமாகிவிடுவதால் ஆள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிவார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் இடக்கையர் என்ற நம்பிக்கை பரவியது இப்படிப்பட்ட ஒரு தகட்டுப் படத்தால்தான். கையிலிருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் வலப்பக்கம் இருக்க வேண்டிய தோட்டா நுழைவாய் இடப்பக்கம் தெரிந்ததைக் கொண்டே படம் மாறியிருப்பது புலப்பட்டது. உங்கள் தகட்டில் இடது கன்னத்தில் தெரியும் மச்சம் அந்த மனிதரின் வலது கன்னத்தில் இருந்தது. குழுப் படமோ நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சு. அதில் இடவலம் மாறாது. ஆக, அவரே இவர் என்றால் குழுப் படத்தில் மச்சம் வலது கன்னத்தில் இருக்க வேண்டும்.

படமீட்பன்: தகட்டை ஸ்கேன் செய்தவர் திருப்பிச் சரிசெய்திருக்கலாம் அல்லவா?

இருட்டறை: செய்திருக்கலாம். அவருடைய மேலங்கிப் பொத்தான்களைப் பாருங்கள். ஆண்களின் உடையில் பொதுவாக இடது மடல் வலது மடலின்மேல் வரும். உங்கள் ஸ்கேனில் வலது மடல் மேலே இருக்கிறது, யாரும் திருப்பவில்லை.

நேர்கோடு: அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகப் பொத்தான் போட்டார்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்? இரட்டை வரிசைப் பொத்தான் உள்ள மேலங்கியை இரு பக்கமும் மாற்றிப் போடலாம்.

இருட்டறை: இது ஒற்றை வரிசை. படத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நேர்கோடு: பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மற்றவர்கள் படத்தையே பார்ப்பதில்லை என்று நினைக்கும் உங்கள் பழக்கம் மாறவில்லை.

பேத்தி: இந்த அடையாளத்தை அந்தக் குடும்பத்தாரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டீர்களா?

படமீட்பன்: சொல்லிவிட்டேன். பேரன் பார்த்தவுடன் தாத்தாதான் என்று கண்கலங்கினார். குடும்பத்தாருக்குத் தெரியாத முகமா உங்களுக்குத் தெரியப்போகிறது?

இருட்டறை: அவருக்குக் காட்டியது மூலப் படத்தையா, மீட்டெடுத்த படத்தையா? பெயரைச் சொன்ன பிறகு காட்டினீர்களா, சொல்லாமல் காட்டினீர்களா? கம்போடியாவின் எஸ்-21 சிறையில் சித்திரவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கைதிகளின் படங்களுக்கு வண்ணம் சேர்த்தவர் சில முகங்களில் புன்னகையையும் வரைந்திருந்தது 2021இல் வெளிப்பட்டபோது, அந்தப் படங்களை வெளியிட்ட இதழ் கட்டுரையையே நீக்கியது. உறவினர்களின் கண்ணீர் எனக்குச் சிறிதல்ல. அதனால்தான் வரையப்பட்ட ஒரு முகத்தைக் கொடுத்து அவர்களை அழவைக்கக் கூடாது என்கிறேன்.

அச்சுப்படம் உங்களிடம் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்தின் விளிம்பையொட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மேற்பரப்புச் சிதைவு என்றால் அந்தப் புள்ளி பள்ளமாகவோ மேடாகவோ மின்னும். அப்படி மின்னாவிட்டால் அது நெகட்டிவில் இருந்த தூசியாகவும் இருக்கலாம், மச்சமாகவும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் அது தவறான கன்னத்தில்தான் இருக்கும்.

படமீட்பன்: உங்களுக்காக நான் விளக்கு பிடிக்க வேண்டிய அவசியமில்லை. மச்சம் இருக்கிறது. படத்தின் கீழே பெயரை எழுதிவிட்டேன், அது அப்படியே இருக்கும்.

இருட்டறை: அப்படியானால் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் செயலி, எந்த எண் என்பதையும் எழுதி, மூலப் படத்தையும் அருகில் வையுங்கள். பொத்தானைப் பற்றி நேர்கோடு எழுதியதற்கு நாளை படத்தோடு பதில் தருகிறேன்.