சந்தை விளையாட்டில் 'மூணு ரூபா சில்லறை தரேன்' வந்தால் கணக்கு குழம்புகிறது

ஆறாம் வகுப்பு, 32 பிள்ளைகள், நான்கு காய்கறிக் கடைகள். ஒவ்வொரு கல்லாவிலும் தொடக்கத்தில் அட்டை நோட்டும் காசுமாக 140 ரூபாய்: பத்து ரூபாய் 10, ஐந்து ரூபாய் 4, இரண்டு ரூபாய் 5, ஒரு ரூபாய் 10. வாங்குபவர்களிடம் 50, 100 நோட்டுகளும் கொஞ்சம் சில்லறையும்.

நேரான பாக்கி நன்றாகவே வருகிறது. தக்காளி 18, கீரை 12, வெண்டை 13, மொத்தம் 43. நூறு கொடுத்தால் 45, 50, 100 என்று மேலே எண்ணி 57 தந்துவிடுகிறார்கள். வாங்குபவர் 103 நீட்டினால்தான் சிக்கல். மூன்றைக் கல்லாவில் போட்டுவிட்டு மறுபடியும் 57 தருகிறார்கள். வாங்கியவருக்கு மூன்று ரூபாய் நஷ்டம். கடைசியில் கல்லாவை எண்ணும்போது தொடக்கப் பணமும் பில் தொகையும் சேர்ந்ததைவிட மூன்று கூடுதலாக இருப்பதை வைத்துத்தான் இது தெரிகிறது.

வாங்கிய பணத்தைப் பாக்கி தரும்வரை தட்டிலேயே வைக்கச் சொன்னோம். 'நூற்றிமூணு வாங்கியிருக்கேன்' என்று சத்தமாகச் சொல்ல வைத்தோம். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலோர் 60 தருகிறார்கள். ஆனால் 57 எண்ணத் தொடங்கிய பிறகு 'இந்தாங்க, மூணு ரூபா இருக்கு' என்று வந்தால் கை நின்றுவிடுகிறது. சிலர் 54 தருகிறார்கள், அதாவது கூட்டாமல் கழிக்கிறார்கள். 103 - 43 தாளில் தப்பாமல் போடுபவர்களும் இதில் அடக்கம். எண்கோடு வரைந்தும் பார்த்தாயிற்று, கடையில் அது உதவவில்லை.

பாதியில் சில்லறை வரும் இந்த நிலைக்கு முன்னால் இடைப்படியாக என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?