சேதராப்பட்டு அக்கவுன்டன்ட் வேலை: ரெஸ்யூமேல என்ன மாத்தணும்?

வில்லியனூர் பி.காம்: சேதராப்பட்டு ஃபேக்டரி ஒண்ணுல ஆள் எடுக்குறாங்க. சி.ஏ. இன்டர் இல்லன்னா சி.எம்.ஏ. இன்டர், டேக்ஸ் சாஃப்ட்வேர், மந்த் எண்ட் குளோசிங் 3 வருஷம் கேக்குறாங்க. எனக்கு சி.எம்.ஏ. இன்டர் குரூப் 1, ஆடிட்டர் ஆபீஸ்ல 4 வருஷம். ரெஸ்யூமேல "அக்கவுன்ட்ஸ், ஜி.எஸ்.டி., டேலி"ன்னு ஒரே வரிதான் இருக்கு.

மஞ்சக்குப்பம்: "சி.எம்.ஏ. இன்டர்"னு போட்டு அனுப்பு தம்பி. வடிகட்டுறவங்க அந்த வார்த்தையத்தான் தேடுவாங்க.

முதலியார்பேட்டை அக்கா: வார்த்தை இருக்கணும், சரி. ஆனா மொட்டையா போட்டா ரெண்டு குரூப்பும் முடிச்சதாத்தான் எடுத்துப்பாங்க. மார்க்‌ஷீட் கேக்குறப்ப மாட்டும். "சி.எம்.ஏ. இன்டர்: குரூப் 1 தேர்ச்சி, குரூப் 2 எழுதவிருக்கிறேன்"னு மாசத்தோட போடுங்க.

இடிக்கிறது குளோசிங்தான். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்றது குளோசிங் ஆகாது. ஆடிட்டர் ஆபீஸ்ல மாசாமாசம் எந்த கிளையன்டுக்காவது புரொவிஷன் போட்டீங்களா?

வில்லியனூர் பி.காம்: ரெண்டு கம்பெனிக்குப் போட்டேன் அக்கா. பேங்க் ரீகன்சிலியேஷன், கரன்ட் பில் புரொவிஷன், தேய்மானம். 6ஆம் தேதிக்குள்ள ட்ரயல் பேலன்ஸ் அனுப்பிடுவேன்.

முதலியார்பேட்டை அக்கா: இதையே அப்படியே எழுதுங்க, அதான் அவங்க தேடுற வரி. "2 கம்பெனிகளுக்கு மாதாந்திர குளோசிங், புரொவிஷன், தேய்மானம், வங்கிக் கணக்கு ஒப்பீடு, 6ஆம் தேதிக்குள் ட்ரயல் பேலன்ஸ்." எத்தனை வருஷம்னும் போடணும். 3 இல்லன்னா இருக்கறத போடுங்க.

இன்டர்வியூல நோண்டுவாங்க. ஜூன் கரன்ட் பில் ஜூலை 8தான் வருதுன்னு வைங்க. ஜூன் 30க்கு 62,000 புரொவிஷன் போட்டு, ஜூலை 1 அதை ரிவர்ஸ் பண்ணணும். மறந்தா, பில் என்ட்ரி ஆனதும் ஜூன் செலவு ஜூலையிலயும் ஏறும். ஜூலைக்கும் புரொவிஷன் போட்டதும் அந்த மாச கரன்ட் செலவு ஏறக்குறைய டபுளா நிக்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டா, மாசவாரியா லெட்ஜரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பேன்னு சொல்லத் தெரியணும்.

நெல்லிக்குப்பம்: என் பையன் 3பி லேட்டா போட்டுட்டான், லேட் ஃபீ குறையுமா?

முதலியார்பேட்டை அக்கா: அது வேற சார், தனியா போடுங்க.

மஞ்சக்குப்பம்: சாஃப்ட்வேருக்கு டேலி போதும்ல?

லாஸ்பேட்டை டி.டி.எஸ்.: டேலி கணக்குப் புத்தகம். டேக்ஸ் சாஃப்ட்வேர்னா வின்மேன், கம்ப்யூடேக்ஸ் மாதிரி. பேரோட, அதுல செஞ்ச வேலையையும் எழுதணும்: "டி.டி.எஸ். ரிட்டர்ன் 26க்யூ தயாரித்தல், சலான் பொருத்துதல், தவறான பான் திருத்தம்." பான் தப்பானா 20% கணக்குல டிமாண்ட் வரும், அதைச் சரிபண்ணவங்களுக்கு மதிப்பு உண்டு. கடலூர்ல டிப்போ இருக்கற கிளையன்டைப் பாத்திருந்தா அதையும் சேருங்க. புதுச்சேரி கோடு 34ல இருந்து தமிழ்நாடு கோடு 33க்கு சரக்கு அனுப்பினா ஐ.ஜி.எஸ்.டி. பில் போடணும், இங்கத்த ஃபேக்டரிக்கு அது தினசரி வேலை.

வில்லியனூர் பி.காம்: நான் வின்மேன்தான். விளம்பரத்துல கம்ப்யூடேக்ஸ்னு இருக்கு.

லாஸ்பேட்டை டி.டி.எஸ்.: வின்மேன்னே போடுங்க. ஒத்துக்கறதும் விடறதும் எடுக்கறவங்களப் பொறுத்தது.

மஞ்சக்குப்பம்: நான் கம்ப்யூடேக்ஸ்னே போட்டிருப்பேன்.